பதினாறாவது எழுத்து

தொண்ணூறுகளின் நடுவில், நான் புரோகிராம் எழுதிப் பிழைத்த காலத்தில், எங்கள் அலுவலகத்துக்கு வந்த புகார்களைச் சேர்த்து வைத்திருந்தால் மனிதச் சோம்பேறித்தனத்துக்கு ஒரு கண்காட்சியே நடத்தியிருக்கலாம். 'சிஸ்டம் வேலை செய்யல லா.' 'ஸ்க்ரீன் ஒரு மாதிரியா வருது.' 'நேத்து நல்லா இருந்துச்சு, இன்னிக்கு இல்ல.' இவ்வளவுதான் புகார். எந்தக் கம்ப்யூட்டர், என்ன தட்டினார்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று ஒருத்தன் எழுதினால் அன்று மழை பெய்யும் என்று நான் கேலி பேசுவேன். வயிற்று வலிக்காரன் டாக்டரிடம் போய், "எங்கேயோ வலிக்குது, மருந்து குடு" என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் அவை.

எங்கள் அலுவலகம் தலைநகரின் தமிழர் பகுதியான பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. கீழே சாவி வெட்டிக்கொடுக்கும் கடை. அதே கடையில் ரப்பர் முத்திரையும் செய்து தருவார்கள். ஒரு நாள் எரிச்சலில் இறங்கிப் போய் 'யூசர் எரர்' என்று பெரிய எழுத்தில் ஒரு முத்திரை செய்யச் சொன்னேன். சிவப்பு மை. பயன்படுத்துகிறவன் செய்த தவறு, எங்கள் தவறில்லை என்று அர்த்தம். புகார் வந்த தாளில் அதைக் குத்தி, வந்த வழியே ஃபேக்ஸில் திருப்பி அனுப்பிவிடுவேன். பத்துக்கு எட்டு அப்படித்தான் போகும். அதைக் குத்தும்போது ஒரு சுகம் இருந்தது, மறைப்பானேன்.

எங்கள் முதலாளி அதற்கு முன் போட்டோஸ்டாட் மெஷின் விற்றவர். செங்கல் அளவு கைபேசியை இடுப்பில் சொருகிக்கொண்டு, கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கே பாடம் நடத்துவார். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது அதை மூடிவைக்கும் பிளாஸ்டிக் உறை எந்தக் கடையில் மலிவு என்பது. வாடிக்கையாளர்கள் வந்தால் என்னைக் காட்டி, "இவன்தான் நம்ம மூளை" என்பார். நானும் பல்லை இளித்துக்கொண்டு நிற்பேன். அந்த இளிப்பை இப்போது நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் சரக்குப் பெட்டிகளை வைத்து அனுப்பும் ஒரு கண்டெய்னர் யார்டு. அவர்களுடைய கேட்டுக்கு நான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். கேட்டில் உட்கார்ந்திருக்கும் கிளார்க் முதலில் கண்டெய்னர் நம்பரைத் தட்ட வேண்டும். அது பதினொரு எழுத்து. பதினொன்றும் விழுந்ததும் கர்சர் தானாக அடுத்த கட்டத்துக்குத் தாவும். அங்கே லோரி நம்பர், மூன்று எழுத்தும் நான்கு எண்ணும். அப்புறம் என்டர். மூன்று தாள் கார்பனோடு கேட் பாஸ் அச்சாகும். டிரைவர் அதை வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

இதில் என் தனித் திறமை ஒன்றைச் சேர்த்திருந்தேன். லோரி நம்பரை முழுதாகத் தட்ட வேண்டாம். முதல் சில எழுத்தைத் தட்டி என்டர் அடித்தால், அந்த எழுத்துகளில் ஆரம்பிக்கும் முதல் லோரியைப் பட்டியலிலிருந்து புரோகிராமே எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர்கள் முன்னால் இதைச் செய்து காட்டியபோது முதலாளி கை தட்டினார். "நாலு எழுத்து போதும், மிச்சத்த சிஸ்டமே கண்டுபிடிச்சிரும்," என்று நான் சொன்னேன். யாரும் கேட்காமலே அதைச் செய்து கொடுத்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்த யார்டிலிருந்து கையால் எழுதிய ஒரு ஃபேக்ஸ் வந்தது. எழுதியவர் கேட் கிளார்க். தமிழர், ஐம்பதை நெருங்கியவர். ஒரே ஒரு தடவை, புரோகிராமைப் போட்டுக் கொடுக்கப் போனபோது பார்த்திருக்கிறேன். 'சிஸ்டம் லோரி நம்பரைத் தானாக மாற்றுகிறது. நான் அடித்தது ஒன்று, பாஸில் வருவது ஒன்று. எப்போதும் இல்லை, சில நேரம். தயவுசெய்து பார்க்கவும்.' நான் என் மேசைக் கம்ப்யூட்டரில் இரண்டு நம்பர் தட்டிப் பார்த்தேன். ஒழுங்காக வந்தது. 'தானாக மாற்றுகிறது' என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. முத்திரையை எடுத்துக் குத்தினேன். சிவப்பு மை 'தயவுசெய்து'வின் மேலேயே விழுந்தது. அப்படியே ஃபேக்ஸ் மெஷினில் போட்டேன்.

அந்த நாட்களில்தான் எங்களிடம் டெஸ்டர் என்று ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எழுதிய புரோகிராமைச் சோதித்துக் கோளாறு கண்டுபிடிப்பது அவள் வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். அதற்கு முன் ஆறு வருடம் ஆஸ்பத்திரி லேபில் இருந்தவள். கம்ப்யூட்டர் படிக்காதவள் என் வேலையைச் சோதிப்பதா என்று என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவள் ஒவ்வொரு கோளாறுக்கும் முழுப் பக்கம் எழுதுவாள். நான் முதல் வரியோடு நிறுத்திவிடுவேன். பரீட்சை எழுதுகிறாள் என்று முதலாளியிடம் கேலி செய்வேன், அவரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

ஒரு திங்கட்கிழமை யார்டில் பணியாளர் விவகாரம் பார்க்கும் பெர்சனல் மேனேஜர் போன் செய்தார். முதலாளி பேசிவிட்டு என்னையும் அவளையும் கூப்பிட்டார். விஷயம் இதுதான். யார்டிலிருந்து போன ஒரு கண்டெய்னர் சீல் உடைந்து, உள்ளிருந்த சரக்கில் பாதி இல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. எந்த லோரி இழுத்துப் போனது என்று கேட் பதிவைப் பார்த்தால் ஒரு லோரியின் நம்பர் இருக்கிறது. ஆனால் அந்த லோரியோ எஞ்சின் கழற்றப்பட்டு இரண்டு வாரமாகப் பட்டறையில் கிடக்கிறது. மேலும் தோண்டிப் பார்த்ததில், அந்த எஞ்சினில்லாத லோரி அந்த இரண்டு வாரத்தில் பதினெட்டு தடவை கண்டெய்னர் இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டியிருக்கிறது. பதினெட்டும் ஃபேக்ஸ் அனுப்பிய அந்தக் கிளார்க்கின் ஷிஃப்டில். மாற்று ஷிஃப்டில் உட்காரும் இன்னொரு கிளார்க்கின் கையால் ஒரு தப்பும் இல்லை.

திருட்டுக்குத் துணைபோய்ப் பொய்ப் பதிவு செய்தான் என்று அவர் மேல் குற்றச்சாட்டு. வெள்ளிக்கிழமை உள்விசாரணை. குற்றம் உறுதியானால் அன்றே வேலை போகும், இருபத்திரண்டு வருட வேலை. போலீசுக்கும் போகும். சிஸ்டம் சரியாக இருக்கிறது என்று எங்களிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும், புரோகிராம் எழுதியவர் நேரில் வந்து சொல்லவும் வேண்டும்.

"எழுதிக் குடுத்துரு," என்றார் முதலாளி என்னிடம். "நம்ம சிஸ்டம் பெர்ஃபெக்ட்னு. அந்த ஆளு ஏற்கனவே ஃபேக்ஸ் அனுப்பி முன்ஜாக்கிரதையா சாக்கு தேடி வச்சிருக்கான் பாரு, கள்ளன்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழியையும் எடுத்து விட்டேன்.

டெஸ்டர் மட்டும் கேட்டாள்: "யாராவது அங்க போய் அவர் அடிக்கிறதைப் பாத்தீங்களா?"

"அடிக்கிறதுல பாக்க என்ன இருக்கு மிஸ்? விரல வச்சா எழுத்து வரும்," என்றேன்.

"கடிதத்தை நாளைக்குக் குடுங்க. நான் போயிட்டு வரேன்."

மறுநாள் காலை அவள் கொமுட்டர் ரயிலில் போர்ட் கிள்ளான் போனாள். கடைசி ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் லோரிப் புழுதியில் நடக்கிறவளை நினைத்து நான் பக்கத்து டீக்கடையில் தே தாரிக் குடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணிக்குத் திரும்பினாள். முகம் கருத்திருந்தது, சேலை ஓரத்தில் கிரீஸ். வந்ததும் உட்கார்ந்து தட்டினாள். ஒரு மணி நேரத்தில் ஒற்றைத் தாளை என் முன் வைத்துவிட்டு நின்றாள்.

முதல் வரியோடு நிறுத்த முடியாதபடி அவள் எதிரிலேயே நின்றதால் முழுதும் படித்தேன்.

தலைப்பு: 'கேட் பாஸ் அச்சாகும்போது அடுத்த பதிவை முன்கூட்டியே தட்டினால், பதினாறாவது எழுத்திலிருந்து தொலைகிறது, தவறான லோரி பதிவாகிறது.' அதற்குக் கீழே இயந்திர விவரம். கம்ப்யூட்டரின் வகை, டாஸின் பதிப்பு, எங்கள் புரோகிராமின் பதிப்பு, எல்லாம் இருந்தது. பிரிண்டருக்கு மட்டும் மூன்று வரி ஒதுக்கியிருந்தாள். பழைய ஊசி பிரிண்டர், உள் நினைவு மிகக் குறைவு, மூன்று தாள் கார்பன், ஒரு பாஸ் அச்சாகப் பதினான்கு வினாடி, அது முடியும்வரை புரோகிராம் காத்திருக்கிறது. 'நம் அலுவலகத்தில் உள்ளது புது பிரிண்டர். முழுப் பாஸையும் ஒரு வினாடிக்குள் வாங்கிக்கொள்கிறது. ஆகவே இங்கே இக்கோளாறு தெரியாது.'

பிறகு படிகள். ஒன்று, ஒரு பாஸை அச்சுக்குக் கொடுக்கவும். இரண்டு, அச்சு ஓடும்போதே, திரையைப் பார்க்காமல், அடுத்த கண்டெய்னர் நம்பரையும் லோரி நம்பரையும் நிறுத்தாமல் தட்டி என்டர் அடிக்கவும். மூன்று, அச்சு நின்றதும் இன்னொரு முறை என்டர் அடிக்கவும். நான்கு, வரும் பாஸில் லோரி நம்பரைப் பார்க்கவும். நடப்பது: பட்டியலின் முதல் லோரி பதிவாகிறது. பத்து முறை செய்ததில் பத்து முறையும். அச்சு முடியக் காத்திருந்து தட்டினால் பத்தில் ஒரு முறைகூட இல்லை.

கடைசியில் லாக். புரோகிராம் ஒவ்வொரு அசைவையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதிவைக்கும். அந்த லாக்கை எழுத வைத்தவன் நான்தான், ஊரெல்லாம் பெருமை அடித்தவனும் நான்தான். ஒரு நாளும் திறந்து படித்ததில்லை. அவள் அந்தப் பதினெட்டுப் பதிவுக்கும் உரிய வரிகளை அச்செடுத்து இணைத்திருந்தாள். ஒரு பதிவுக்குக் கீழே பென்சில் கோடு. பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடம் முப்பத்தோராவது வினாடியில் அச்சு முடிகிறது. அதே வினாடியில் கண்டெய்னர் நம்பர் பதினொரு எழுத்தும் நிரம்புகிறது. மூன்று வினாடி கழித்து லோரிக் கட்டத்தில் என்டர். தட்டப்பட்டது நான்கு எழுத்து, எடுத்துக்கொள்ளப்பட்டது ஏழு. பக்கத்தில் அவள் குறிப்பு: 'ஒரே வினாடியில் பதினொரு எழுத்தை எந்த மனிதராலும் தட்ட முடியாது. அவை முன்பே தட்டப்பட்டுக் காத்திருந்தவை. பதினெட்டிலும் இப்படியே.'

எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குமேல் படிக்காமலே புரிந்துவிட்டது. புரோகிராம் வேறு வேலையில் இருக்கும்போது தட்டப்படும் எழுத்துகளை அந்தக் கால கம்ப்யூட்டர் ஒரு சின்ன இடத்தில் பிடித்து வைத்திருக்கும். அதில் பதினைந்துக்குத்தான் இடம். பதினாறாவதைத் தட்டினால் 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அதைத் தூக்கி எறிந்துவிடும். கண்டெய்னர் நம்பருக்குப் பதினொன்று போனால் லோரிக்கு மிஞ்சுவது நான்கு. மூன்று எழுத்தும் முதல் எண்ணும். அந்த யார்டின் லோரிகள் எல்லாம் ஒரே நாளில் பதிவானவை, நம்பர்கள் அடுத்தடுத்து வருபவை. எல்லா நம்பருக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றேதான். கடைசி மூன்று எண்ணும் என்டரும் குப்பைக்குப் போய்விட, அச்சு தொடங்காததால் அவர் அடிக்கும் இரண்டாவது என்டருக்கு என் அருமையான கண்டுபிடிப்பு வேலை செய்திருக்கிறது. நாலு எழுத்து போதும், மிச்சத்தைச் சிஸ்டமே கண்டுபிடித்துவிடும். அது கண்டுபிடித்தது பட்டியலின் முதல் லோரியை, எஞ்சின் இல்லாததை.

ஆனாலும் வாய் அடங்கவில்லை. "ஸ்க்ரீனப் பாக்காம அடிக்கிறது அவரோட தப்பு இல்லையா?" என்றேன்.

"அவர் கிள்ளான்ல டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவர்," என்றாள். "எந்திரத்தைப் பாக்காதன்னு அடிச்சுச் சொல்லிக் குடுத்திருக்காங்க. டிரைவர் ஜன்னல்ல நின்னு நம்பரக் கத்துவாரு. இவர் கண்ணு வெளிய கண்டெய்னர் கதவுல இருக்கு, டிரைவர் சொல்றது சரியான்னு அங்கயே ஒத்துப் பாக்குறாரு. கை தன்பாட்டுக்கு அடிக்குது. ஒரு பாஸ் அச்சாகுறதுக்குள்ள அடுத்த லோரி முடிஞ்சிரும். காலையில இருபது லோரி க்யூல நிக்கும்போது அவர் ஷிஃப்ட்னா பத்தே நிமிஷத்துல காலியாகும்னு டிரைவருங்க சொல்றாங்க. கண்ணுல பட்ட தப்பை ரத்து பண்ணி மறுபடி அடிச்சிருக்காரு, அவசரத்துல விட்டுப்போனதுதான் இந்தப் பதினெட்டு."

"அந்த இன்னொரு கிளார்க்?"

"ஒத்த விரல். ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிக்கிறாரு. அதான் தப்பு வரல."

"பீப் கேட்டிருக்குமே."

"லோரி எஞ்சின் எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கு. எனக்கும் கேக்கல. ரெண்டு டிரைவரக் கெஞ்சி எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். அப்புறம் கேட்டுச்சு."

அதை ரிப்போர்ட்டிலும் எழுதியிருந்தாள். 'எதிர்பார்க்கும் நடத்தை' என்ற இடத்தில் இரண்டே வாக்கியம். 'கிளார்க் தட்டியதே பதிவாக வேண்டும். முழுதாகக் கிடைக்கவில்லை என்றால் புரோகிராம் மறுக்க வேண்டும், ஊகிக்கக் கூடாது.' என் பத்து வருட அனுபவத்துக்கு விழுந்த செருப்படி அது. அதற்குக் கீழே ஒரு கோடு: 'டெவலப்பர் தன் கையால் செய்து பார்த்தார்: ஆம் / இல்லை. கையெழுத்து.'

ஸ்டோரில் கிடந்த எங்கள் பழைய பிரிண்டரைத் தூசி தட்டிக் கொண்டுவந்து மாட்டினோம். நான் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் என் கையை நானே பார்த்தேன். இரண்டே விரல். பத்து வருடமாகக் கீபோர்டில் சோறு தின்கிறவன் கோழி கொத்துவது மாதிரி இரண்டு விரலால் கொத்திக்கொண்டிருக்கிறேன். பதினான்கு வினாடியில் பதினைந்து எழுத்தை என்னால் தாண்டவே முடியவில்லை. அவள் என்னை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்து தட்டினாள். பிரிண்டரின் கிறீச்சுக்கு நடுவே 'பீப், பீப், பீப், பீப்.' நாலு தடவை, தொலைந்த நாலு எழுத்துக்கும் ஒவ்வொன்று. அச்சு நின்றது. என்டர். பட்டியலின் முதல் லோரி வந்தது.

முதலாளி அதுவரை பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். ரிப்போர்ட்டை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சத்தம் போடாம சரி பண்ணிடு," என்றார். "அடுத்த வெர்ஷன்ல புது வசதின்னு சொல்லி டிஸ்கெட்ல அனுப்பிரு. வெள்ளிக்கிழமை போய் சிஸ்டம் ஓகேன்னு சொல்லு. அன்னிக்கு ஓகேயாத்தானே இருக்கும்?"

"அந்த ஆளு வேலை போயிரும்," என்றாள் டெஸ்டர்.

"அவன் ஒரு கிளார்க்கு மிஸ். நாளைக்கு வேற எடத்துல சேந்துக்குவான். நமக்கு இந்தக் கஸ்டமர் போனா வேற கஸ்டமர் கெடைப்பானா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் தலையாட்டினேன். இதை எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் தலையாட்டினேன். அவரை நான் எவ்வளவு இளக்காரமாக நினைத்தேனோ, அந்த நேரத்தில் அவருக்கும் எனக்கும் இடையில் ஒரு வித்தியாசமும் இல்லை. அவராவது ஒரு காரணம் சொன்னார்.

டெஸ்டர் தன் மேசைக்குப் போய் அதே ரிப்போர்ட்டை இன்னொரு பிரதி அச்செடுத்தாள். லாக்கோடு சேர்த்துப் பின் குத்தி என் மேசையில் வைத்தாள். "கோடு காலியா இருக்கு. நீங்க பாத்தீங்களா இல்லையா, அத மட்டும் நிரப்புங்க. 'இல்லை'ன்னு போட்டாலும் சரி, கையெழுத்துப் போடுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை வரை அந்தத் தாள் என் பையிலேயே கிடந்தது, கோடு காலியாக. இதற்குள் புரோகிராமைத் திருத்திவிட்டேன். என் புகழ்பெற்ற கண்டுபிடிப்பைப் பிடுங்கி எறிந்தேன். ஏழு எழுத்தும் பொருந்தினால்தான் ஏற்கும், இல்லையென்றால் கட்டத்தை விட்டு நகரவிடாது. அச்சு ஓடும்போது ஒவ்வொரு வரிக்கும் நடுவில் கீபோர்டை எட்டிப் பார்த்து, தட்டியதையெல்லாம் எடுத்துப் பெரிய இடத்தில் பத்திரப்படுத்தும்படி செய்தேன். அரை நாள் வேலை.

விசாரணை யார்டின் மாடியில் ஒரு குளிர்ந்த அறையில் நடந்தது. பெர்சனல் மேனேஜர் நடுவில். கிளார்க் ஓரமாக, வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்திருந்தார். முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்து, மேசைக்கடியில் என் காலைத் தன் காலால் தட்டிக்கொண்டிருந்தார். தைரியம் சொல்கிறாராம்.

மேனேஜர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அந்த ஃபேக்ஸ். 'தயவுசெய்து'வின் மேல் 'யூசர் எரர்.' ஃபேக்ஸில் போனதால் சிவப்பு கறுப்பாகியிருந்தது. மூலையில் சாட்சிப் பொருள் என்று நம்பர் போட்டிருந்தார்கள். வேறு கடிதமே வேண்டாம், என் முத்திரையே அந்த மனிதருக்கு எதிரான முதல் சாட்சியாக உட்கார்ந்திருந்தது.

"இந்த முத்திரை உங்க சாப்தானே?" என்றார் மேனேஜர்.

"ஆமா."

"அப்ப நல்லாச் சோதிச்சுப் பாத்துதான் குத்தியிருப்பீங்க."

முதலாளி எனக்கு முந்திக்கொண்டு, "தரோவா செக் பண்ணாரு சார். இவர்தான் எங்க மூளை," என்றார்.

அந்த வார்த்தைதான். மனசாட்சி விழித்துக்கொண்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. அந்த ஆள் வாயால் இன்னொரு தடவை 'மூளை' என்று கேட்க எனக்குச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். நான் செய்த ஒரே நல்ல காரியத்தைக்கூட வெறுப்பில்தான் செய்தேன். பையிலிருந்து தாளை எடுத்தேன். 'ஆம்' என்பதை வட்டமிட்டுக் கையெழுத்துப் போட்டு மேனேஜர் முன் வைத்தேன்.

"சோதிக்கல சார். ரெண்டு தடவ தட்டிட்டுக் குத்துனேன். தப்பு எங்களோடது. இதுல இருக்கறபடி செஞ்சு பாருங்க," என்றேன்.

மேசைக்கடியில் தட்டிக்கொண்டிருந்த கால் நின்றது.

ஒரு நல்ல ரிப்போர்ட்டின் சக்தியை அன்றுதான் பார்த்தேன். மேனேஜருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. எனக்கு விளக்கத் தேவையே வரவில்லை. எல்லோரும் கேட்டுக்கு இறங்கினோம். திருத்திய டிஸ்கெட்டை நான் இன்னும் அனுப்பாததால் பழைய புரோகிராம்தான் அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, சமையல் குறிப்பை வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு படியாக வாசித்தார். கிளார்க்கை உட்காரச் சொன்னார்கள். அவர் பத்து விரலையும் கீபோர்டில் வைத்தார். அப்படி ஒரு தட்டலை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. கண் ஜன்னலுக்கு வெளியே, கை மட்டும் ஓடியது. வந்த பாஸை மேனேஜரே கிழித்தெடுத்தார். எஞ்சின் இல்லாத லோரி பத்தொன்பதாவது தடவையாகக் கேட்டைத் தாண்டியிருந்தது.

குற்றச்சாட்டை அன்றே வாபஸ் வாங்கினார்கள். சீலை உடைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியவிடாமல் செய்ததும் என் புரோகிராம்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் இருந்தது என் மேசையில், சுமந்தது மட்டும் வேறொருவர். முதலாளி வண்டியில் வரும் வழியெல்லாம் என்னைத் திட்டினார். அப்படியும் யார்டு எங்களை விடவில்லை. இப்படி ரிப்போர்ட் எழுதுகிற ஆள் இருக்கும் கம்பெனிதான் வேண்டும் என்று மேனேஜர் சொன்னாராம். மறுவாரமே முதலாளி வாடிக்கையாளர்களுக்கு டெஸ்டரைக் காட்டி, "இவங்கதான் நம்ம மூளை" என்று ஆரம்பித்துவிட்டார். அவள் இளிக்கவில்லை.

முத்திரையைக் கீழே சாவிக்கடைக் குப்பையில் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக யார்டுக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். கேட்டுக்கு வெளியே லோரிகள் சாலைவரை வளைந்து நின்றன. டிரைவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கிளார்க்கின் ஷிஃப்ட் போலிருக்கிறது என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். அவரேதான்.

பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக் காத்திருந்தார். அச்சு நின்றதும் கீபோர்டின் மேல் குனிந்தார். ஒற்றை விரலால், ஒரு எழுத்தைத் தேடித் தட்டினார். நிமிர்ந்து திரையைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"அண்ணே, இப்ப சரி பண்ணியாச்சுண்ணே," என்றேன். "எவ்வளவு வேகமா அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. நானே டெஸ்ட் பண்ணேன்."

"தெரியும் சார். அந்த மிஸ்ஸும் சொன்னாங்க."

"அப்புறம் ஏன் இப்படி?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கட்டும் சார்," என்றார். "பாத்தே அடிக்கிறேன்."

அடுத்த எழுத்தைத் தேட ஆரம்பித்தார்.